விதை நேர்த்தி வீடியோவுக்கு ஸ்டோரிபோர்டு போடுவது எப்படி?

ஸ்டோரிபோர்டு என்றதும் சினிமாக்காரர்கள் வரையும் அழகான படங்கள் நினைவுக்கு வரலாம். ஒரு சிறு விவசாயிக்கு ஐந்து நிமிடத்தில் ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்கும் வீடியோவுக்கு அவ்வளவு தேவையில்லை. கோடு போட்ட நோட்டில் பக்கத்துக்கு நான்கு கட்டம் வரைந்துகொண்டால் போதும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கேமராவில் தெரியப்போவதைக் கிறுக்கலாக வரைய வேண்டும். கையைக் கோடாகவும் வாளியை வட்டமாகவும் போட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. கட்டத்துக்குக் கீழே மூன்று வரி எழுத வேண்டும்: திரையில் என்ன நடக்கிறது, அப்போது என்ன பேசுகிறோம், அது எத்தனை விநாடி. அவ்வளவுதான் ஸ்டோரிபோர்டு.

வசனத்தை மட்டும் எழுதிக்கொண்டு போய்ப் படம் பிடித்தால் ஆகாதா என்று பலரும் கேட்பார்கள். ஆகாது. "உப்புக் கரைசலில் விதை நெல்லைப் போட்டு, மிதக்கும் பதரை நீக்கவும்" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அதையே படமாக வரையும்போதுதான் கேள்விகள் எழும். எவ்வளவு பெரிய வாளி? அதில் தண்ணீர் எதுவரை நிற்கும்? நெல்லை ஒரேயடியாகக் கொட்டுவதா, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதா? பதரை எதனால் அள்ளுவது? கேமரா மேலிருந்து பார்க்கிறதா, பக்கவாட்டிலா? வசனத்தில் இந்த ஓட்டைகள் வெளியே தெரியாது. வரையும்போது கை தானாக நின்றுவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பத்து கிலோ நெல் கிட்டத்தட்ட 17 அல்லது 18 லிட்டர் இடத்தை அடைக்கும். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் உப்புத் தண்ணீரை ஊற்றி, அதில் பத்து கிலோ நெல்லையும் கொட்டினால் வழியும், இல்லாவிட்டால் தண்ணீரே தெரியாமல் நெல் குவிந்து நிற்கும். பதர் மேலே வர இடமே இருக்காது. வாளியை வரைந்து, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, நெல்லை வரையப் போகும்போதுதான் "மூன்று மூன்று கிலோவாகப் போட வேண்டும்" என்ற வரி ஸ்டோரிபோர்டுக்குள் வரும். வீடியோவைப் பார்த்துச் செய்யப்போகிறவருக்கு மிகவும் தேவையான வரியும் அதுதான்.

## எதைக் காட்டப்போகிறோம்

விதை நேர்த்தியில் பல முறைகள் இருக்கின்றன. உலர் விதை நேர்த்தி, ஊறவைத்துச் செய்வது, பூஞ்சாண மருந்து, உயிர் உரம் என்று எல்லாவற்றையும் ஒரே வீடியோவில் அடைத்தால் பார்ப்பவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. ஒரு பயிர், ஒரு முறை, ஓர் அளவு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது நெல். வீட்டில் எடுத்து வைத்த சொந்த விதை, பத்து கிலோ, நாற்றங்காலுக்கு. முதலில் உப்புக் கரைசலில் தரம் பிரித்தல். அடுத்து சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவின் கரைசலில் ஊறவைத்தல். கடைசியில் முளை கட்டுதல்.

பத்து கிலோ என்பது கணக்குக்காகத்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடவு நெல்லில் மத்திய கால ரகங்களுக்கு எக்டேருக்கு 40 கிலோ விதை என்று சொல்கிறது. ஏக்கருக்கு 16 கிலோ வரும். ரகத்துக்குத் தகுந்தாற்போல் இது மாறும். பத்து கிலோவுக்குக் காட்டிவிட்டால் தன் விதைக்கு எவ்வளவு என்று யாரும் எளிதில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

படம் வரையும் முன் செய்முறையை அளவோடு தெளிவாக எழுதிவிட வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ சாப்பாட்டு உப்பைக் கரைக்கிறோம். நெல்லைப் போட்டுக் கையால் கலக்கி, மிதப்பதை அள்ளிவிடுகிறோம். மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுகிறோம். அப்புறம் ஒரு கிலோ விதைக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் தூள், ஒரு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில், பத்து கிலோவுக்கு நூறு கிராம் தூளைப் பத்து லிட்டரில் கரைத்து, விதையை இரவு முழுக்க ஊறப்போடுகிறோம். காலையில் தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் 24 மணி நேரம் மூடி வைத்து, முளை விட்டதும் விதைக்கிறோம்.

வேலை இவ்வளவுதான். இதை 22 கட்டமாகப் பிரித்தால் ஐந்து நிமிடத்துக்குச் சரியாக இருக்கும்.

## ஒரு வேலைக்கு இரண்டு கட்டம்

புதிதாக ஸ்டோரிபோர்டு போடுபவர்கள் ஒரு வேலைக்கு ஒரு கட்டம் வரைவார்கள். உப்பைக் கொட்டும் கை, நெல்லைக் கொட்டும் கை, தண்ணீரை வடிக்கும் கை. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் விவசாயி தன் வீட்டில் செய்யும்போது அவருக்கு வரும் சந்தேகம் வேறு. "நான் செய்தது சரியாக வந்திருக்கிறதா?" என்பதுதான் அது. அதற்குப் பதில் சொல்லும் கட்டம் பெரும்பாலான செய்முறை வீடியோக்களில் இருப்பதில்லை.

அதனால் ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இரண்டு கட்டம் வேண்டும் என்பது என் கட்சி. ஒன்றில் கை வேலை செய்கிறது. மற்றொன்றில் வேலை சரியாக முடிந்ததற்கான அடையாளம் தெரிகிறது. அந்த அடையாளத்தை உங்களால் வரைய முடியவில்லை என்றால், அந்த வேலை உங்களுக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பொருள். அப்போது நோட்டை மூடிவிட்டு, வேலை தெரிந்த ஒருவரிடம் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

உப்புக் கரைசலை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை கிலோ என்று அளவு சொல்லிவிட்டோம். எல்லா வீட்டிலும் தராசு இருக்காது. கல் உப்பு ஈரம் கோத்துக் கனத்திருக்கலாம், வாளியில் உள்ள தண்ணீர் பத்து லிட்டருக்கு முன்னே பின்னே இருக்கலாம். இதற்காகத்தான் முட்டையைப் போட்டுப் பார்க்கும் வழக்கம். நல்ல தண்ணீரில் புது முட்டை மூழ்கும். உப்புக் கரையக் கரையத் தண்ணீரின் அடர்த்தி கூடி, ஒரு கட்டத்தில் முட்டை மேலே வரும். அதன் முனை 25 காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் கரைசல் பதமாகிவிட்டது என்பார்கள். 25 காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டது. இன்றைக்கு இருபது வயதில் விவசாயத்துக்கு வருபவருக்கு அந்த அளவு மனதில் வராது. ஆகவே அதை வாயால் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. திரை நிறைய முட்டை, தண்ணீருக்கு மேலே தெரியும் அந்தச் சிறிய வட்டம், பக்கத்தில் ஒரு விரல் நுனி என்று ஒரு குளோசப் கட்டம் வேண்டும்.

இங்கே இன்னொரு கட்டமும் தேவை, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முட்டை பழையதாக இருந்தால் அதற்குள் காற்றறை பெரிதாகி, உப்பே போடாத தண்ணீரிலும் மிதக்கும். அந்த முட்டையை நம்பினால் கரைசல் நீர்த்தே இருக்கும், அரைப் பதரும் நல்ல விதையோடு மூழ்கிவிடும். ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் முட்டை அடியில் போய்ப் படுப்பதைக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் உப்பு. இந்த இடத்தில் ஸ்டோரிபோர்டு இப்படி இருக்கும்:

கட்டம் 4. பக்கவாட்டுப் பார்வை, கண்ணாடி ஜாடி. நல்ல தண்ணீரில் முட்டையை மெதுவாக விடுகிறார். அடியில் போய்ப் படுக்கிறது.
பேச்சு: "முதல்ல வெறும் தண்ணியில முட்டை மூழ்கணும். மிதந்தா அது பழசு, வேற முட்டை எடுங்க."
10 விநாடி.

கட்டம் 5. தோளுக்கு மேலிருந்து. முட்டையை எடுத்துவிட்டு, வாளியில் இருக்கும் பத்து லிட்டர் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கையால் கலக்குகிறார்.
பேச்சு: "பத்து லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு. அடியில கல்லு தட்டுப்படாம போற வரைக்கும் கலக்குங்க."
15 விநாடி.

கட்டம் 6. குளோசப். அதே முட்டை வாளியில் மிதக்கிறது. மேலே தெரியும் பகுதிக்குப் பக்கத்தில் விரல்.
பேச்சு: "இவ்வளவு வெளிய தெரிஞ்சா பதம் சரி." (பிறகு மூன்று விநாடி பேச்சே இல்லை.)
10 விநாடி.

நான்காம் கட்டத்தில் கண்ணாடி ஜாடியை வைத்தது கேமராவுக்காக மட்டும்தான். வாளிக்குள் அடியில் கிடக்கும் முட்டை கேமராவில் தெரியாது. ஆறாம் கட்டத்தில் மறுபடி வாளிக்கே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி ஜாடி வாங்க வேண்டுமோ என்று யாராவது நினைக்கக்கூடும். ஆறாம் கட்டத்தில் பேசாமல் விட்ட மூன்று விநாடியும் வேண்டுமென்றே விட்டதுதான். கண் பார்த்து முடிப்பதற்குள் காது அடுத்த வரிக்குப் போய்விடக் கூடாது.

அடுத்தது நெல்லைப் போடுவது. மூன்று கிலோவைக் கொட்டிவிட்டு, மேலே நிற்பதையெல்லாம் பதர் என்று அள்ளினால் நல்ல விதையும் கூடவே போய்விடும். உலர்ந்த நெல்லின் மேல் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு அதை மிதக்க வைக்கும். கையை உள்ளே விட்டு நன்றாகக் கலக்கிவிட்டால் குமிழ் விட்டுப்போய் நல்ல நெல் இறங்கிவிடும். அதனால் இங்கே "கொட்டுவது", "கலக்குவது", "அள்ளுவது" மூன்றும் தனித்தனிக் கட்டங்கள். அடையாளக் கட்டத்தில், அள்ளிய பதரில் இரண்டை எடுத்து நகத்தால் நசுக்கிக் காட்டலாம். உள்ளே ஒன்றுமில்லாமலோ பாதி அரிசியோடோ இருக்கும். மூழ்கியதில் ஒன்றை எடுத்து நசுக்கினால் கெட்டியாக இருக்கும். இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்து எடுத்த ஒரு ஷாட், ஒரு நிமிடப் பேச்சுக்குச் சமம்.

இதைச் சில நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் பேச்சு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் நெல் கிடந்தால் பதரும் ஊறி இறங்கத் தொடங்கும், விதைக்கும் நல்லதல்ல. இரண்டாவது மூன்று கிலோவைப் போடும் முன் முட்டையை மறுபடி விட்டுப் பார்ப்பதை ஐந்து விநாடியில் காட்டினால் போதும். நெல்லோடு கரைசலும் கொஞ்சம் போய்விடும் என்பதால் வாளியில் அளவு குறைந்திருக்கும். தண்ணீர் சேர்த்தால் உப்பும் சேர்க்க வேண்டும்.

அலசும் கட்டத்துக்கான அடையாளம் என்ன? தண்ணீர் தெளிந்திருக்கிறது என்பது உப்புக்குப் பதில் சொல்லாது, ஏனென்றால் உப்பு கண்ணுக்குத் தெரியாது. கடைசியாக அலசிய தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் எளிய வழி. ஆனால் இந்தக் கட்டத்தை வரையும்போது சிவப்புப் பேனாவால் ஒரு குறிப்பும் எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டில் எடுத்து வைத்த, எந்த மருந்தும் படாத நெல்லுக்கு மட்டும்தான் இது. கடையில் மருந்து தடவி நிறம் ஏற்றி விற்கும் விதையை வாயருகே கொண்டுபோகவே கூடாது. அந்த விதைக்கு இந்த வீடியோவே தேவையில்லை. பேச்சில் இதை ஒரு வரியாகச் சொல்லியே ஆக வேண்டும். நாக்கில் வைப்பதைக் காட்டவே தயக்கமாக இருந்தால், "மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர்" என்று மூன்று தடவை ஊற்றுவதை முழுதாகக் காட்டிவிடுங்கள். அதுவும் சரியே.

## நூறு கிராமை எப்படிக் காட்டுவது

சூடோமோனாஸ் தூள் பெரும்பாலும் கிலோ பாக்கெட்டில் கிடைக்கும். பத்து கிலோ விதைக்குத் தேவை நூறு கிராம். "நூறு கிராம்" என்ற எழுத்தைத் திரையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். வீட்டில் தராசு இல்லாதவருக்கு அந்த எழுத்தால் பயனில்லை. ஸ்பூன் கணக்குச் சொல்லவும் முடியாது, ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. இதற்கு மூன்று கட்டம் தேவைப்படும். மளிகைக் கடைத் தராசில் நூறு கிராமை நிறுப்பது முதல் கட்டம். அதை வீட்டு டம்ளரில் கொட்டி, தூள் எதுவரை நிற்கிறதோ அங்கே பேனாவால் கோடு போடுவது இரண்டாவது. அடுத்த முறை அந்தக் கோடு வரை தூளை அள்ளுவது மூன்றாவது. பேச்சே இல்லாமலும் இது புரியும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அந்த டம்ளரை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாது, அது விதை வேலைக்கென்று ஒதுக்கியது.

பாக்கெட்டைப் பிரிக்கும் முன் தேதியைக் காட்டும் ஒரு குளோசப்பும் வேண்டும். இது உயிருள்ள பாக்டீரியா. டால்க் பொடியில் கலந்து விற்பதால் பார்ப்பதற்கு ஏதோ மருந்துத் தூள் போலத்தான் இருக்கும். தயாரித்துச் சில மாதங்களில் உயிர் குறைந்துவிடும், வெயிலில் கிடந்தாலும் செத்துப்போகும். செத்த தூளும் அதே வெள்ளையாகத்தான் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு வேலைக்கு அடையாளக் கட்டம் என்பது பாக்கெட்டின் மேல் அச்சிட்ட தேதிதான். கேமரா அங்கே நின்று, விரல் தேதியைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

தூளைக் கரைக்கும் கட்டத்தில்தான் முக்கியமான எச்சரிக்கையும் வர வேண்டும். கார்பென்டசிம் போன்ற பூஞ்சாணக் கொல்லியை விதைக்குப் பயன்படுத்தும் முறையும் இருக்கிறது, ஆனால் அதையும் சூடோமோனாஸ் போன்ற உயிர்க் கட்டுப்பாட்டுக் காரணியையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பதுதான் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இரண்டும் போட்டால் இரட்டிப்புப் பலன் என்று நினைத்துக் கலப்பவர்கள் உண்டு. இந்த எச்சரிக்கையை வீடியோவின் கடைசியில் "கவனிக்க வேண்டியவை" என்ற பட்டியலில் போட்டால் யார் கண்ணிலும் படாது. கை தூளை அள்ளும் அந்த விநாடியிலேயே, "இதோட வேற மருந்து எதையும் சேர்க்காதீங்க" என்று வர வேண்டும். உயிர் உரத்தைச் சேர்க்கலாம், தடையில்லை. ஆனால் நம் வீடியோவில் அதைக் கொண்டுவர வேண்டாம், ஏற்கெனவே கட்டங்கள் நிறைந்துவிட்டன.

## காத்திருக்கும் நேரம்

ஸ்டோரிபோர்டில் சினிமா மூளை உண்மையில் தேவைப்படும் ஒரே இடம் இதுதான். இரவு முழுக்க ஊறல், பிறகு 24 மணி நேரம் மூட்டம். படம் பிடிப்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகல். சமையல் நிகழ்ச்சியில் அரைத்த மாவு மேசைக்கு அடியில் ஏற்கெனவே தயாராக இருப்பது போல, நாமும் விதையை மூன்று நிலைகளில் தயார் செய்து வைத்திருக்க வேண்டும். கட்டங்களை வரைந்து முடித்தபின், ஒவ்வொன்றுக்கும் எந்த நிலையில் உள்ள விதை வேண்டும் என்று ஓரத்தில் அ, ஆ, இ என்று குறித்துக்கொள்ளுங்கள். அ என்றால் உலர்ந்த நெல். ஆ என்றால் இரவு ஊறியது. இ என்றால் முளை விட்டது.

சனிக்கிழமை காலை படப்பிடிப்பு என்று வைத்துக்கொள்வோம். இ வகைக்கு வியாழன் மாலையே உப்புக் கரைசலில் பிரித்து, அலசி, சூடோமோனாஸ் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். வெள்ளி காலை வடித்துச் சாக்கில் மூடினால் சனி காலை 24 மணி நேரம் ஆகி முளை தெரியும். ஆ வகையை வெள்ளி மாலை ஊறப்போட்டால் சனி காலை கேமரா முன் வடிக்கலாம். அ வகை சனி காலை மூட்டையிலிருந்து நேராக வரும். இந்த எண்ணத்தைத் தாளில் போடாமல் சனிக்கிழமை காலை கேமராவோடு போய் நின்றால், முளை கட்டிய விதைக்கு ஞாயிறு, திங்கள் என்று அலைய வேண்டியதுதான்.

மூன்று விதையும் ஒரே ரகமாக இருக்க வேண்டும். குண்டு நெல்லை ஊறவைத்துவிட்டு, முளையில் சன்ன நெல்லைக் காட்டினால் விவசாயி உடனே கண்டுபிடித்துவிடுவார், அதன் பிறகு நாம் சொல்வதை நம்ப மாட்டார். வாளி, சாக்கு, செய்து காட்டும் அக்காவின் புடவை, வளையல் எல்லாம் கடைசிவரை ஒன்றாகவே இருக்க வேண்டும். முன்னேற்பாடு நடக்கும் வியாழன் மாலையிலும் வெள்ளி காலையிலும் மொபைலில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மாலை வெளிச்சத்தில் ஊறப்போடும் ஷாட்டும் காலை வெளிச்சத்தில் வடிக்கும் ஷாட்டும் இருந்தால் "இரவு முழுக்க" என்பது சொல்லாமலே விளங்கும். சுவர்க் கடிகாரத்தின் முள் ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஊறிய பின் அடையாளக் கட்டம் ஒன்று உண்டு. நெல் தண்ணீரைக் குடித்திருப்பதால் காலையில் பாத்திரத்தில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும். மேல் அடுக்கு நெல் வெளியே தெரியும்படி விட்டால் அது சரியாக ஊறாது. அதனால் மாலையிலேயே நெல் நன்றாக முழுகியிருப்பதைக் காட்ட வேண்டும். வடித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் நாற்றங்காலில் ஊற்றுவதற்கும் ஒரு சிறிய கட்டம் ஒதுக்குங்கள். அதில் பாக்டீரியா இன்னும் இருக்கிறது.

முளை கட்டும் இடத்தில் இரண்டு அடையாளங்கள் தேவை. சாக்கைப் பிரித்ததும் நெல் நுனியில் வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்ப்பது சரியான பதம். கூடுதல் நேரம் விட்டால் முளை நீண்டு, வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். விதைக்கக் கையில் அள்ளும்போதே ஒடியும். சரியானதையும் நீண்டுபோனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு குளோசப் எடுத்தால் போதும். இதற்காக ஒரு கைப்பிடி விதையைக் கூடுதல் நேரம் மூடி வைத்திருக்க வேண்டும், ஸ்டோரிபோர்டின் ஓரத்தில் அதையும் குறித்துவிடுங்கள். சாக்குக்குள் கையை விட்டுச் சூடு பார்ப்பதும் நல்ல ஷாட்: குவியல் சுட்டால் கிளறித் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

## கேமரா எங்கே நிற்க வேண்டும்

செய்முறை வீடியோவில் அழகான கோணம் என்று எதுவும் இல்லை. வேலை செய்பவரின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படித் தெரிவதே நல்ல கோணம். எதிரே நின்று எடுத்தால் இடதும் வலதும் மாறித் தெரியும், பார்ப்பவர் மனதில் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே கையால் வேலை நடக்கும் கட்டங்களையெல்லாம் செய்பவரின் தோளுக்கு மேலிருந்து பார்ப்பதாகவே வரையுங்கள். முழு ஆளையும் இடத்தையும் காட்டும் அகலமான ஷாட் தொடக்கத்தில் ஒன்று, இடம் மாறும்போது ஒன்று என்று போதும்.

வாளியின் நிறம் சின்ன விஷயம் போலத் தோன்றும். வெள்ளை வாளியில் வெள்ளை முட்டை தெரியாது, மஞ்சள் வாளியில் நெல் தெரியாது. அடர் நீலமோ பச்சையோ இருந்தால் இரண்டும் தெரியும். திறந்த வெளியில் வாளித் தண்ணீரில் வானம் பளபளத்து, மிதக்கும் பதரை மறைத்துவிடும். யாராவது குடை பிடித்து நிழல் விழச் செய்தால் அது தீரும். இதையெல்லாம் கட்டத்தின் ஓரத்திலேயே "நீல வாளி, குடை" என்று எழுதிவிட்டால், அதுவே படப்பிடிப்பு நாளுக்கான சாமான் பட்டியலாகவும் ஆகிவிடும்.

பேச்சு வரியை எழுதிய பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துப் பாருங்கள். நிதானமாகப் பேசினால் பத்து விநாடியில் இருபது சொல்லைத் தாண்டுவதே கடினம். பத்து விநாடிக் கட்டத்துக்கு நாற்பது சொல் எழுதியிருந்தால் பேச்சைக் குறையுங்கள், கட்டத்தை நீட்டாதீர்கள். களத்தில் காற்றும் மோட்டார் சத்தமும் பேச்சை விழுங்கிவிடும். பேச்சைப் பிறகு ஒரு மூடிய அறையில் பதிவு செய்து சேர்ப்பது சுலபம். ஆனால் நெல்லைக் கொட்டும் சத்தத்தையும் தண்ணீர்ச் சத்தத்தையும் களத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

## படம் பிடிக்கும் முன் ஒரு சோதனை

ஸ்டோரிபோர்டு தயாரானதும் கேமராவைத் தேட வேண்டாம். கட்டங்களின் கீழே உள்ள எழுத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, நெல் வைத்திருக்கும், ஆனால் இந்த முறையைச் செய்திராத ஒருவரிடம் படங்களை மட்டும் காட்டுங்கள். "இதுல என்ன பண்றாங்க?" என்று கேளுங்கள். முட்டைக் கட்டத்தைப் பார்த்து "முட்டையை ஏன் ஊறப்போடுறாங்க?" என்று கேட்டால் அங்கே ஒரு கட்டம் குறைகிறது. சாக்குக் கட்டத்தைப் பார்த்து "எத்தனை நாள்?" என்று கேட்டால் வெளிச்சம் மாறுவது தெரியவில்லை. ரப்பரால் அழித்து மறுபடி வரைய ஐந்து நிமிடம் ஆகும். அதே ஓட்டை வீடியோவில் தெரிந்தால் விதையை மறுபடி இரண்டு நாள் ஊறவைத்து முளை கட்ட வேண்டும்.

வீடியோவை ஊர்க் கூட்டத்தில் போட்டுக் காட்டப்போகிறீர்கள் என்றால் இன்னொரு ஏற்பாடும் செய்யலாம். 2006-இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு திட்டமாகத் தொடங்கிய டிஜிட்டல் கிரீன், உள்ளூர் விவசாயிகளையே வைத்து எடுத்த வீடியோக்களைச் சிறு குழுக்களுக்குப் போட்டுக் காட்டும் வழியைப் பரப்பியது. கூட்டத்தை நடத்துபவர் நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பார். நம் 22 கட்டங்களில் அப்படி நிறுத்த மூன்று இடங்கள் பொருந்தும்: முட்டை மிதந்த பின், தூளைக் கரைத்த பின், சாக்கைப் பிரித்த பின். அந்தக் கட்டங்களின் மூலையில் ஒரு சிறு நட்சத்திரம் போட்டு, படம் பிடிக்கும்போது அந்த ஷாட்டைக் கூடுதலாக ஐந்து விநாடி ஓடவிடுங்கள். நிறுத்த வசதியாக இருக்கும்.

கடைசிக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செழித்து ஆடும் கதிரைக் காட்டி முடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். விதை நேர்த்தி விதை வழியாக வரும் நோய்களையும் நாற்றின் இளம் பருவத்தையும் கவனித்துக்கொள்கிறது. பூட்டைப் பருவத்தில் வரும் பூச்சிக்கோ புகையானுக்கோ அது பொறுப்பில்லை. கதிரைக் காட்டி முடித்தால், பின்னால் புகையான் வந்த வயலில் நம் வீடியோதான் பொய் சொன்னதாக ஆகும். ஆகவே 22-ஆம் கட்டத்தில் முளை கட்டிய விதையை நாற்றங்காலில் தூவும் கையை வரையுங்கள், எட்டு விநாடி, பேச்சு வரியைக் காலியாக விட்டுவிடலாம்.